மலையில் ஓடும் காருக்கு ஆயில், கூலன்ட் செலவு: ஐந்து வருடக் கணக்கு போடுவது எப்படி

பெட்ரோல் செலவு எல்லோருக்கும் தெரியும். கணக்கில் விட்டுப்போவது இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஆகிய ஐந்தும்தான். ஒரு வருடம் கொஞ்சமாகச் செலவு வைத்துவிட்டு, அடுத்த வருடம் மொத்தமாக வந்து நிற்கும். கோத்தகிரியில் இருந்து குன்னூருக்குப் போய்வரும் 1.2 லிட்டர் பெட்ரோல் காரை வைத்துக் கணக்கு போடுவோம். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டம், புதிய வண்டி. விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கையேட்டில் சரியான அட்டவணையைப் பிடியுங்கள்

பல வண்டிகளின் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இரண்டு இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு. இன்னொன்று கடினமான ஓட்டத்துக்கு. மலைப்பாதை, குளிரில் குறுகிய தூரம் எல்லாம் அதில்தான் வரும். நம் வண்டி அந்த இரண்டாவது அட்டவணைக்காரன். இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் அதிகம் சுற்றும், மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டும். அதனால் மீட்டரை மட்டும் நம்பினால் ஆயில் மாற்றம் தள்ளிப்போகும். நம் கணக்குக்கு, சாதாரண ஓட்டத்தில் வருடம் ஒரு முறை மாற்றுவதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைப்போம்.

குளிர்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் களிம்பு ஒட்டியிருந்தால், இன்ஜின் முழுதாகச் சூடாகுமுன் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் சேர்ந்த ஈரமாக இருக்கலாம். கூடவே கூலன்ட்டும் குறைந்துவந்தால் அது வேறு கோளாறு, மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும்.

படி 2: ஒரு முறைக்கு எவ்வளவு

ஆயில் 3.5 லிட்டர், லிட்டர் 450 ரூபாய் என்றால் 1,575. ஃபில்டர் 150, கூலி 275. ஆக ஒரு தடவைக்கு 2,000. வருடம் இரண்டு தடவை, 4,000. கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு வருடம் 300. ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாயில் உறைந்துவிடும்.

பிரேக் ஆயில் மாற்றம் கூலியோடு 900, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. மலையில் இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் வருடக் கணக்குப்படி மாற்றச் சொல்வது இதனால்தான்.

பிரேக் ஆயில் அளவு மெல்லக் குறைந்தால் உடனே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. ஊற்றி நிரப்பினால், புதிய பேட் போடும்போது அது வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். சட்டென்று குறைந்தால் கசிவுதான்.

கியர் ஆயில் நான்காம் வருடம் 1,300. கூலன்ட் ஐந்தாம் வருடம் 1,500. இது நீண்டநாள் உழைக்கும் வகைக்கு. சில வண்டிகளுக்கு முன்னதாகவே மாற்றச் சொல்வார்கள், கையேட்டில் பாருங்கள்.

படி 3: வருடவாரியாக எழுதுங்கள்

1-ம் வருடம்: 4,300
2-ம் வருடம்: 5,200
3-ம் வருடம்: 4,300
4-ம் வருடம்: 6,500
5-ம் வருடம்: 5,800

மொத்தம் 26,100. இது இன்றைய விலை. வருடம் 6 சதவீதம் ஏறும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். எக்செல்லில் இரண்டாம் வரிசையிலிருந்து A நிரலில் வருட எண், B நிரலில் தொகையைப் போட்டு, C2-வில் இதை அடியுங்கள்:

```
=B2*1.06^(A2-1)
```

கீழே இழுத்துக் கூட்டினால் சுமார் 29,700 வரும். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 495. 500 ரூபாயாக ஒதுக்குங்கள். முதல் வருடம் போடுவது 6,000, செலவு 4,300; மிச்சம் அப்படியே இருக்கட்டும், நான்காம் வருடம் அதுதான் கைகொடுக்கும். தீபாவளிக்கு அதில் கைவைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

பழைய வண்டி வாங்கியிருந்தால்

முந்தைய உரிமையாளர் எதை எப்போது மாற்றினார் என்று பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில், கியர் ஆயில், கூலன்ட் மூன்றையும் முதல் மாதமே மாற்ற 3,700 கூடுதலாக வேண்டும். அந்த வருடச் செலவு 8,000. மாதம் 500 போட்டுவந்தால் அதற்குப் போதாது; வண்டி வாங்கும் தொகையோடு சேர்த்தே இந்த 3,700-ஐ எடுத்துவையுங்கள்.