நியமனக் கடிதத்துக்கு விளக்கம் கேட்கும்போது நேரும் தவறுகள்

என் அண்ணன் மகளுக்குச் சென்ற ஆண்டு இங்கே சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்திடமிருந்து நியமனக் கடிதம் வந்தது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளி, ஜூலை 1ஆம் தேதி வேலையில் சேர வேண்டும், ஆறு மாதம் தகுதிகாண் காலம், பணி உறுதியான பிறகு இரண்டு மாத நோட்டீஸ், ஆண்டுக்கு "இரண்டு மாதச் சம்பளம் வரை" செயல்திறன் போனஸ். கையெழுத்திடுவதற்கு முன் அவள் ஒரு மின்னஞ்சலை எழுதி, அனுப்பலாமா என்று என்னிடம் காட்டினாள். "தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம், போனஸ் ஆகியவற்றைச் சற்று விளக்க முடியுமா?" என்பதுதான் அதன் சாரம். மரியாதையான கடிதம்தான் என்றாலும் அனுப்ப வேண்டாம் என்றேன்.

பலரும் செய்யும் முதல் தவறு இதுவே. சொல்லுக்குப் பொருள் கேட்டால், மனிதவளப் பிரிவிலிருந்து சொல்லுக்குப் பொருள் மட்டுமே வரும்: "இவை எங்கள் வழக்கமான நிபந்தனைகள், எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தும்." இந்தப் பதிலில் பொய் இல்லை, பயனும் இல்லை. கேட்க வேண்டியது, குறிப்பிட்ட ஒரு தேதியில் எனக்கு என்ன நடக்கும் என்பதை. அதற்கு முதலில் கடிதத்தில் உள்ள தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் அப்படி எழுதிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஜூலை 1ஆம் தேதி தொடங்கும் ஆறு மாதத் தகுதிகாண் காலம் டிசம்பர் 31ஆம் தேதி முடிகிறது. ஆகவே பணி உறுதியாவது ஜனவரி 1ஆம் தேதி. கடிதத்தின் பின்னிணைப்பிலோ, போனஸ் "டிசம்பர் 31ஆம் தேதியன்று பணி உறுதிசெய்யப்பட்ட ஊழியர்களுக்கு" என்று இருந்தது. அதன்படி, எந்தக் குறையுமின்றி ஆறு மாதம் உழைத்தாலும், ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் அவளுக்கு அந்த ஆண்டு போனஸ் கிடையாது. பணிபுரிந்த மாதங்களுக்கு ஏற்பக் கணக்கிட்டால், ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 வெள்ளி என்பதில் அரையாண்டுக்குரிய 5,000 வெள்ளி வரை அவளுக்கு வரக்கூடும். தகுதிகாண் காலத்துக்கு ஒரு விளக்கம், போனஸுக்கு ஒரு விளக்கம் என்று தனித்தனியாகக் கேட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இரண்டு விதிகளும் சந்திக்கும் இடத்தில்தான் இழப்பு ஒளிந்திருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் அனுப்பியதன் தமிழ் வடிவம் இது: "நான் ஜூலை 1ஆம் தேதி சேர்ந்து, தகுதிகாண் காலம் நீட்டிக்கப்படாமல் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தால், அந்த ஆண்டின் போனஸுக்கு நான் தகுதி பெறுவேனா? பெறுவேன் என்றால், தொகை ஆறு மாதத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படுமா?" ஆம், இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி இது. தகுதிகாண் காலத்தை நிறுவனம் "தன் விருப்பப்படி நீட்டிக்கலாம்" என்றும் இருந்ததால், அதிகபட்சம் எத்தனை மாதம் நீட்டிக்கலாம், உறுதிக் கடிதம் வராமலேயே காலம் முடிந்துவிட்டால் பணி உறுதியானதாகக் கொள்ளப்படுமா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டோம். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் தகுதிகாண் காலம் இவ்வளவுதான் என்று வரையறுக்கவில்லை. ஆகவே கடிதம் சொல்வதைத் தவிர நமக்கு வேறு பிடிமானம் இல்லை.

நோட்டீஸ் விஷயத்தில் பலர் எத்தனை மாதம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தகுதிகாண் காலத்தில் எவ்வளவு, அது நீட்டிக்கப்பட்டால் எவ்வளவு, இரு தரப்புக்கும் ஒரே அளவா என்று கேட்க வேண்டும். ஊழியர் கொடுக்க வேண்டிய நோட்டீஸும் நிறுவனம் கொடுக்க வேண்டிய நோட்டீஸும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடிதத்தில் அளவே குறிப்பிடப்படவில்லை என்றால், 26 வாரங்களுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு 1 நாள், அதற்கு மேல் 2 ஆண்டுகளுக்குக் குறைவானவருக்கு 1 வாரம் என்று சட்டத்தின் அளவு பொருந்தும். "தகுதிகாண் காலத்துக்குத் தனி நோட்டீஸ் எதுவும் குறிப்பிடப்படவில்லையே, எந்த அளவு பொருந்தும்?" என்று கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம், போனஸ் போன்ற விவரங்கள் பொருந்துமிடத்தில் அவற்றை எழுத்தில் தர வேண்டும் என்று 2016 ஏப்ரல் முதல் சட்டமே சொல்கிறது. வேலையில் சேர்ந்து 14 நாட்களுக்குள் தந்தால் போதும் என்பது நிறுவனத்துக்கான கெடு. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நோட்டீஸும் போனஸும் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. போனஸ் மார்ச் மாதக் கடைசியில் வழங்கப்படும், அன்று ஊழியர் "நோட்டீஸ் காலத்தில் இருக்கக் கூடாது" என்று பின்னிணைப்பு கூறியது. பிப்ரவரி 10ஆம் தேதி ராஜினாமா செய்பவர் இரண்டு மாத நோட்டீஸின்படி ஏப்ரல் 9 வரை வேலை பார்ப்பார். ஆனாலும் முந்தைய ஆண்டு முழுவதும் உழைத்ததற்கான போனஸ் அவருக்குப் போய்விடும். நிறுவனமே நோட்டீஸ் கொடுத்தாலும் இதே விதிதானா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. தன் முடிவால் இழப்பது வேறு, பிறர் முடிவால் இழப்பது வேறு.

சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கேட்க விரும்பினால் அதைத் தனி மின்னஞ்சலில் கேளுங்கள். இரண்டையும் கலந்தால் பேரத்துக்கு மட்டும் பதில் வந்து, விளக்கம் விட்டுப்போகும்.

அடுத்த தவறு, பதில் வந்த பிறகு நடப்பது. மனிதவள அதிகாரியோ, வேலைவாய்ப்பு முகவரோ தொலைபேசியில் அழைத்து, "கவலைப்படாதீர்கள், எல்லாருக்கும் கொடுப்போம்" என்பார். நல்லெண்ணத்துடன்தான் சொல்வார், ஆனால் போனஸ் தரும் மார்ச் மாதத்தில் அவரே அந்த நிறுவனத்தில் இல்லாமல் போகலாம். அன்றைக்கே, "தொலைபேசியில் நீங்கள் கூறியதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று எழுதி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அதுவும் எப்போதும் போதாது. பல நியமனக் கடிதங்களின் கடைசிப் பக்கத்தில், இந்தக் கடிதமே முழு ஒப்பந்தம், இதற்கு முந்தைய பேச்சும் கடிதப் போக்குவரத்தும் செல்லாது என்ற பொருளில் ஒரு விதி இருக்கும். அது இருந்தால், மின்னஞ்சலில் கிடைத்த உறுதிமொழி கையெழுத்திட்ட நாளோடு வலுவிழக்கக்கூடும். ஆகவே மின்னஞ்சலின் கடைசி வரியாக, "மேற்கண்ட பதில்களைத் திருத்திய கடிதத்திலோ இணைப்புக் கடிதத்திலோ சேர்த்துத் தர வேண்டுகிறேன்" என்று எழுதினோம். கையெழுத்திட வெள்ளிக்கிழமைதான் கெடு என்பதால், பதில் கிடைத்து மூன்று வேலை நாட்கள் வரை அவகாசமும் அதே மின்னஞ்சலிலேயே கேட்டோம். கையெழுத்திட்டுவிட்டோ, இப்போதைய வேலையை ராஜினாமா செய்துவிட்டோ கேட்டால், என்ன பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலைதான்.

நான்கு நாட்களில் திருத்திய கடிதம் வந்தது. முதல் ஆண்டில் மட்டும் தகுதிகாண் காலமும் போனஸுக்குக் கணக்கில் கொள்ளப்படும், தொகை பணிபுரிந்த மாதங்களுக்கு ஏற்ப அமையும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. நீட்டிப்பு மூன்று மாதத்தைத் தாண்டாது என்றும் எழுதியிருந்தார்கள். நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்குப் போனஸ் இல்லை என்ற விதியை மட்டும், யார் நோட்டீஸ் கொடுத்தாலும் மாற்ற இயலாது என்று தெளிவாகவே மறுத்துவிட்டார்கள். அவள் இரண்டு நாள் யோசித்து, அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட்டாள்.