நான்கு கேபிள் போட்டும் ஒன்றில் மட்டும் நெரிசல்: லிங்க் அக்ரிகேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மேல்மாடியில் பயனர்களின் கணினிகள் எல்லாம் ஓர் ஆக்சஸ் ஸ்விட்ச்சில் இருக்கின்றன. கீழே சர்வர் அறையில் கோர் ஸ்விட்ச். இரண்டுக்கும் நடுவே ஒரு ஜிகாபிட் கேபிள்கள் நான்கை இழுத்து, ஒரே போர்ட் சேனலாகக் கட்டியாயிற்று. மொத்தம் நான்கு ஜிகாபிட். ஆனால் காலையில் எல்லோரும் கோப்புகளைத் திறக்கும் நேரத்தில் பழையபடியே மந்தம். போர்ட் வாரியாகப் பார்த்தால் கீழிருந்து மேலே போகும் திசையில் ஒரு கேபிள் முழுதாக நிரம்பி வழிகிறது, மற்ற மூன்றும் சும்மா கிடக்கின்றன.

இதைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் தவறு, ஐந்தாவது கேபிளைப் போடுவது. அதுவும் சும்மாதான் கிடக்கும்.

நான்கு கேபிளைக் கட்டினால் நான்கு ஜிகாபிட் அகலமுள்ள ஒரே குழாய் கிடைப்பதில்லை. ஒரு உரையாடலின் ஃபிரேம்கள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஒவ்வொரு உரையாடலையும் ஸ்விட்ச் ஏதாவது ஒரே கேபிளில்தான் அனுப்பும். எந்தக் கேபிள் என்பதை ஃபிரேமில் உள்ள முகவரிகளை வைத்துக் கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. இதைத்தான் ஹேஷ் என்கிறோம். எந்தக் கேபிளில் நெரிசல், எது காலியாக இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

சிஸ்கோவின் 2960, 3750 போன்ற பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களில் இயல்பான அமைப்பு `src-mac`, அதாவது அனுப்புகிறவரின் மேக் முகவரி. ஆக்சஸ் ஸ்விட்ச்சில் இது பரவாயில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு மேக், அதனால் மேலிருந்து கீழே போவது ஓரளவு பிரிந்துவிடும். கோர் பக்கம்தான் சிக்கல். சர்வர்கள் ஒரு விலேனில், பயனர்கள் இன்னொரு விலேனில் இருந்தால், கோர்தான் இரண்டுக்கும் நடுவே ரவுட்டிங் செய்கிறது. ரவுட் செய்து அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்புநர் இடத்தில் சர்வரின் மேக் இருக்காது, கோரின் சொந்த மேக்தான் இருக்கும். எத்தனை சர்வர் இருந்தாலும் ஹேஷின் கண்ணுக்கு ஒரே ஆள், ஒரே விடை, ஒரே கேபிள்.

அதனால் முதலில் இரண்டு முனையிலும் இதைப் பாருங்கள்:

```
show etherchannel load-balance
show etherchannel summary
```

கோரில் ஹேஷை ஐபி ஜோடிக்கு மாற்றினால் போதும்:

```
port-channel load-balance src-dst-ip
```

இந்த மாடல்களில் இது ஸ்விட்ச் முழுமைக்கும் பொருந்தும் கட்டளை, ஒரு போர்ட் சேனலுக்கு மட்டும் தர முடியாது. அப்புறம், ஒரு முனையின் ஹேஷ் அந்த முனையிலிருந்து வெளியேறும் டிராஃபிக்கை மட்டும்தான் பிரிக்கும். இரண்டு முனையிலும் ஒரே ஹேஷ் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தத் திசையில் எந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கிறதோ, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாற்றியபின் என்ன ஆகிறது? கணக்கை எளிமையாக்கி, நான்கு கேபிளுக்கு முகவரியின் கடைசி இரண்டு பிட்கள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் 10.10.1.20. இருபதின் கடைசி இரண்டு பிட் 00. கணினி 10.10.5.31 என்றால் 11. இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் 11, மூன்றாம் எண் கேபிள். 10.10.5.32 என்றால் 00, பூஜ்யம் எண் கேபிள். 33க்கு 01, 34க்கு 10. இப்போது நான்கும் வேலை செய்கின்றன. ஆனால் 35க்கு மறுபடியும் 11. ஆக 31, 35 இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதே சர்வரிலிருந்து பெரிய கோப்பை இழுத்தால், பக்கத்தில் காலி கேபிள் இருந்தாலும் ஒரு ஜிகாபிட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இதே காரணத்தால்தான் சோதனையிலும் தவறு நடக்கிறது. இரண்டு கணினிக்கு நடுவே `iperf3` ஓட்டி, 940 மெகாபிட்தான் வருகிறது, கட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அது ஒரே ஐபி ஜோடி. `-P 4` என்று நான்கு ஓட்டங்கள் கொடுத்தாலும் `src-dst-ip` கணக்கில் அது ஒன்றுதான். இரவு பேக்கப் ஒரு சர்வரிலிருந்து ஒரு நாஸ் பெட்டிக்குப் போகிறது என்றால் அதற்கும் இதுவே கதி. அந்த ஒரு வேலை வேகமாக வேண்டுமானால் பத்து ஜிகாபிட் போர்ட் வாங்குவதுதான் வழி.

அடுத்தது, கட்டை எந்த முறையில் அமைப்பது என்பது. `mode on` எழுதினால் உடனே வேலை செய்கிறது, அதனால் நிறையப் பேருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. `on` என்பது எதிர்முனையிடம் எதையும் கேட்காத அமைப்பு. லிங்க் விளக்கு எரிந்தால் போதும், கேபிள் நன்றாக இருப்பதாக நம்பிவிடும். பக்கத்துக் கட்டடத்துக்கு ஃபைபரில் போகிற இணைப்பில் நடுவே மீடியா கன்வெர்ட்டர்கள் இருந்தால் இது மோசமாகக் கடிக்கும். ஃபைபர் அறுந்தாலும், சாதாரண கன்வெர்ட்டர் ஸ்விட்ச் பக்கத்துக் காப்பர் லிங்கை உயிரோடு வைத்திருக்கும். ஸ்விட்ச் அந்தக் கேபிளுக்கும் தன் பங்கை அனுப்பிக்கொண்டே இருக்கும், போனது போனதுதான். அறிகுறி விசித்திரமாக இருக்கும்: 31க்குச் சர்வர் கிடைக்காது, பக்கத்து இருக்கை 32க்குக் கிடைக்கும். 31ன் ஐபியை மாற்றினால் சரியாகிவிடும். உடனே எல்லோரும் கணினியைச் சந்தேகிப்பார்கள்.

`on`க்குப் பதில் எல்ஏசிபி என்ற நெறிமுறை இருந்தால் இரு முனைகளும் ஒவ்வொரு கேபிளிலும் தனித்தனியாகச் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பதில் வராத கேபிள் கட்டிலிருந்து விலக்கப்படும். மெதுவான முறையில் செய்தி 30 விநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால், அதாவது 90 விநாடியில், விலக்கு. வேகமான முறையில் விநாடிக்கு ஒன்று, 3 விநாடியில் விலக்கு. கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில், ஸ்விட்ச் இடம் கொடுத்தால் வேகமான முறையை வையுங்கள். சாதாரண அமைப்பு இவ்வளவுதான்:

```
interface range gi1/0/21 - 24
 channel-group 1 mode active
```

இரண்டு முனையும் `active` ஆகட்டும். இரண்டும் `passive` என்றால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள், கட்டு உருவாகாது. ஒரு முனை `on`, மறுமுனை `active` என்றால் இன்னும் ஆபத்து: ஒருவர் ஒரே இணைப்பு என்று நம்புகிறார், மற்றவர் நான்கு தனி இணைப்பு என்று நினைக்கலாம். மேக் முகவரிகள் போர்ட்டுக்குப் போர்ட் தாவும், அல்லது `channel-misconfig` என்று சொல்லி போர்ட்கள் அணைக்கப்படும். அதனால் கேபிளைச் செருகிவிட்டு அமைக்காதீர்கள். போர்ட்களை `shutdown` செய்து, இரு பக்கமும் எழுதி முடித்து, பிறகு திறங்கள்.

விலேன் சேர்க்கும்போது போர்ட் சேனல் இன்டர்ஃபேஸில் மட்டும் எழுதுங்கள். உறுப்பு போர்ட் ஒன்றில் மட்டும் கை வைத்தால் அது மற்றவற்றோடு பொருந்தாமல் இடைநிறுத்தப்படும். `summary` வெளியீட்டில் `P` இருக்க வேண்டிய இடத்தில் சின்ன `s` தெரியும்.

உறுதிக்காகக் கட்டுகிறோம் என்றால் நான்கு கேபிளையும் ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். கோர் ஸ்டாக்காக இருந்தால் கேபிள்களை இரண்டு பெட்டிகளுக்கும் பிரியுங்கள். ஒன்றோடொன்று ஸ்டாக் ஆகாத, எம்லேக் போன்ற ஏற்பாடும் இல்லாத இரண்டு ஸ்விட்ச்களுக்கு ஒரு கட்டைப் பிரித்துப் போட முடியாது.

கடைசியாகக் கண்காணிப்பு. நான்கில் மூன்று செத்தாலும் போர்ட் சேனல் `up` என்றே காட்டும். அதை மட்டும் பார்க்கும் மானிட்டரில் எல்லாம் பச்சையாகவே இருக்கும், நான்காவது கேபிள் போகிற நாள் வரை. உறுப்பு போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனி அலர்ட் வையுங்கள். வேறு மாற்று வழியும் இருக்கிற நெட்வொர்க்கில், ஸ்விட்ச் அனுமதித்தால் `port-channel min-links 2` என்று கொடுக்கலாம். உயிரோடு இருப்பவை இரண்டுக்குக் கீழே போனால் கட்டே இறங்கி, டிராஃபிக் அந்த மாற்று வழிக்குப் போய்விடும். மாற்று வழி இல்லாத இடத்தில் இதைப் போட்டால் மிச்சமிருக்கும் ஒரு கேபிளையும் நீங்களே அணைத்ததாகிவிடும்.