லீஸா, சொந்தமா? வட்டியை இரண்டு தடவை கழிக்கும் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் கணக்கியல் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். லீஸ் எடுப்பதா, கடன் வாங்கிச் சொந்தமாக்குவதா என்ற கேள்வி வந்தாலே விடைத்தாளைத் திருப்பும் முன்பே எனக்குத் தெரியும், தப்பு எங்கே இருக்கும் என்று. ஒரு காலத்தில் நானும் விழுந்த குழிதான். கூட்டல் பிழையையும் ஆண்டை மாற்றி எழுதுவதையும் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதெல்லாம் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும்.

முதலில் கணக்கு. மசாலா அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு சிறு கம்பெனி. புதிய அரைவை இயந்திரம் 10 லட்சம் ரேண்ட். ஆயுள் 4 ஆண்டு, அதன் பிறகு விற்றாலும் ஒன்றும் கிடைக்காது. வங்கிக் கடன் வட்டி 12%. கம்பெனி வரி 27%. தென்னாப்பிரிக்காவில் உற்பத்திக்குப் பயன்படும் புதிய இயந்திரத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 12C பிரிவின் கீழ் விலையில் 40, 20, 20, 20 சதவீதம் என்று நான்கு ஆண்டுகளில் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். லீஸ் எடுத்தால் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 3,40,000 ரேண்ட் வாடகை. வரிப் பலன் அந்தந்த ஆண்டு முடிவிலேயே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கடன் வட்டிக்கும் வரிக் கழிவு உண்டு. அதனால் 12 சதவீதக் கடனின் உண்மையான செலவு 12 × 0.73, அதாவது 8.76%. கணக்கு முழுக்க இந்த விகிதத்தில்தான் தள்ளுபடி செய்ய வேண்டும், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து எழுத வேண்டும். அப்படிக் குறைக்க, பணத்தைப் பெருக்க வேண்டிய நான்கு ஆண்டுகளின் காரணிகள் 0.9195, 0.8454, 0.7773, 0.7147. கூட்டினால் 3.2569.

வாங்கினால் இன்று 10 லட்சம் போகிறது. முதல் ஆண்டு 4 லட்சம் கழிவு, அதனால் வரியில் 1,08,000 மிச்சம். அடுத்த மூன்று ஆண்டும் 54,000 வீதம் மிச்சம். இவற்றின் இன்றைய மதிப்பு சுமார் 2,26,000. ஆக, வாங்கும் செலவு ஏறத்தாழ 7,74,000. லீஸ் என்றால் வரி போக ஆண்டுக்கு 2,48,200. அதை 3.2569 ஆல் பெருக்கினால் சுமார் 8,08,000. வாங்குவது 34,000 ரேண்ட் மலிவு. அவ்வளவுதான் கணக்கு.

வட்டியைத் தனிச் செலவாகப் போடுவது

இதைத்தான் என்னால் இன்னமும் பொறுக்க முடியவில்லை. போன தேர்வுக்கு முன்னால் ஒரு பெண் இதே மாதிரிக் கணக்கைக் கொண்டுவந்தாள். அவள் மாமா கடைக்கு இயந்திரம் எடுக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்ததால், அதற்கும் இதே முறையில் போட்டுப் பார்த்து, லீஸ்தான் லாபம் என்று சொல்லிவிட்டிருக்கிறாள். தாளைப் பார்த்தேன். வாங்கும் பக்கத்தில் 10 லட்சத்துக்குக் கீழே அழகாக எழுதியிருந்தாள்: “கடன் வட்டி 1,20,000, வரி போக 87,600”, நான்கு ஆண்டுக்கும்.

“ஏம்மா, இது எதுக்கு?” என்றேன்.

“வட்டி கட்டத்தானே வேணும் சார்? அது காசு வெளியே போறதுதானே?”

கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். அதனால்தான் இந்தத் தப்பு சாகவே மாட்டேன் என்கிறது. வட்டி கட்டத்தான் வேண்டும், ஆனால் 8.76 சதவீதத்தில் தள்ளுபடி செய்தபோதே அதைக் கட்டியாகிவிட்டது. எதிர்காலத்து ஒரு ரேண்டை இன்றைக்கு 92 சென்ட் என்று குறைத்து எழுதுகிறோமே, அந்தக் குறைப்புதான் வட்டி. மறுபடியும் அதைத் தனிச் செலவாகப் போட்டால் ஒரே வட்டியை இரண்டு தடவை கட்டுகிறோம்.

வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கடனை முழுசாக எழுதிக் காட்டச் சொல்வேன். இன்று 10 லட்சம் கடன் கைக்கு வருகிறது, அதை அப்படியே இயந்திரக்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். ஆண்டுதோறும் வரி போக வட்டி 87,600. நான்காம் ஆண்டு முடிவில் அசல் 10 லட்சம். இப்போது தள்ளுபடி செய்யுங்கள்: வட்டி 87,600 × 3.2569, சுமார் 2,85,300. அசல் 10 லட்சம் × 0.7147, சுமார் 7,14,700. கூட்டினால் சரியாக 10 லட்சம். அதாவது கடனை முழுசாகச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் விடை மாறாது. விலையையும் வைத்துக்கொண்டு வட்டியையும் சேர்த்து, கடன் பணம் கைக்கு வந்ததை மட்டும் விட்டுவிட்டால்தான் கணக்கு கெட்டுப் போகிறது.

எவ்வளவு கெடும்? வாங்கும் செலவு 7,74,000 இலிருந்து 10,60,000 ஆக ஏறிவிடும். லீஸ் இரண்டரை லட்சம் மலிவு என்று காட்டும். 34,000 நஷ்டம் தரும் லீஸை இரண்டரை லட்சம் லாபம் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள். (மாமா இன்னும் போடவில்லை, நல்ல காலம்.)

இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பராமரிப்புச் செலவு எதுவும் இல்லாத கணக்கில், வாங்கும் பக்கத்தின் இன்றைய மதிப்பு இயந்திரத்தின் விலையைத் தாண்டவே கூடாது. வரி மிச்சம் விலையைக் குறைக்கத்தான் செய்யும். 10 லட்சத்து இயந்திரத்துக்கு 10,60,000 வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தனிச் செலவாக எழுதிய வட்டியைத் தேடுங்கள்.

12 சதவீதத்திலேயே தள்ளுபடி செய்வது

மேலே உள்ளதன் தம்பி இது. பணம் எல்லாவற்றுக்கும் வரி பார்த்துவிட்டு, விகிதத்துக்கு மட்டும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இதே எண்களை 12 சதவீதத்தில் போட்டால் வாங்குவது 7,88,000, லீஸ் 7,54,000. லீஸ் 34,000 மலிவு! வித்தியாசம் அதே அளவு, விடை மட்டும் தலைகீழ். காரணம் எளிது. லீஸில் பணம் பின்னால் போகிறது, வாங்கினால் முன்னால் போகிறது. விகிதத்தை உயர்த்த உயர்த்தப் பின்னால் போகும் பணம் இளைத்துத் தெரியும். தேர்வு வைப்பவர்கள் வாடகையைப் பெரும்பாலும் இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் விழும்படிதான் வைப்பார்கள். இந்தக் கணக்கில் வாடகை எவ்வளவு இருந்தால் இரண்டு விகிதமும் எதிரெதிர் விடை தருமோ, அந்த இடைவெளி ஏறத்தாழ 3,26,000 முதல் 3,55,000 வரை.

கடனும் முதலாளிகள் போட்ட பணமும் சேர்ந்து கம்பெனிக்கு ஆகும் சராசரி மூலதனச் செலவு 15% என்று கேள்வியில் கொடுத்திருந்தால், அதை எடுத்துப் போடுவதும் இதே ரகம்தான். அந்த விகிதம் இயந்திரம் தேவையா என்ற முடிவுக்கு. தேவை என்று முடிவான பிறகு, எப்படிப் பணம் திரட்டுவது என்பதுதான் இந்தக் கேள்வி. லீஸ் வாடகை என்பது கடன் தவணை மாதிரி தவறாமல் கட்ட வேண்டிய பணம். அதனால் கடனோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

12C கழிவை மாதம் பார்த்துப் பிரிப்பது

பிரிக்காதீர்கள். நிதியாண்டின் பத்தாவது மாதத்தில் ஓட ஆரம்பித்தாலும் முதல் ஆண்டுக்கு முழு 40% உண்டு. பழைய இயந்திரம் வாங்கினால் மட்டும் ஐந்து ஆண்டுக்கு 20% வீதம்.

ஐஎஃப்ஆர்எஸ் 16 எண்களை இங்கே கொண்டுவருவது

லீஸைக் கணக்குப் புத்தகத்தில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கணக்கியல் தரம் அது. இங்கே கையை விட்டுப் போகும் வாடகையும் அதன் வரியும் மட்டும்தான்.

முன்கூட்டிக் கட்டும் வாடகை

ஆண்டுத் தொடக்கமா முடிவா என்று கேள்வியில் அடிக்கோடிடுங்கள். தொடக்கம் என்றால் முதல் வாடகைக்குத் தள்ளுபடி கிடையாது. வரி மிச்சத்தின் தேதியைத் தனியாகப் பாருங்கள்.

விற்ற விலைக்கு வரி

முழுவதும் கழித்துவிட்ட இயந்திரத்தை 1 லட்சத்துக்கு விற்றால் கைக்கு வருவது 73,000.

வரி கட்டாத கம்பெனி

பழைய நஷ்டம் குவிந்து, நான்கு ஆண்டும் வரியே வராத கம்பெனி என்று கேள்வி சொன்னால் இந்த ஏற்பாடு முழுவதும் மாறும். வட்டிக்கும் வரி மிச்சம் இல்லை, ஆகவே விகிதம் 12%. கழிவுக்கும் வாடகைக்கும் மிச்சம் இல்லை. வாங்குவது 10 லட்சம், லீஸ் 3,40,000 × 3.0373, சுமார் 10,33,000. வாங்குவதே மலிவு. ஆனால் நஷ்டம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வரி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 2023 மார்ச் 31 அல்லது அதற்குப் பிறகு முடியும் ஆண்டுகளில், பழைய நஷ்டத்தைக் கொண்டு அந்த ஆண்டு வருமானத்தில் 80% அல்லது 10 லட்சம் ரேண்ட், இரண்டில் எது அதிகமோ அதுவரைதான் கழிக்கலாம். மிச்ச வருமானத்துக்கு 27% உண்டு.