ரேட்டிங் ஒருவருக்குக் குதிக்கிறது, இன்னொருவருக்கு நகரவே இல்லை: K-ஐ மாற்றும்போது செய்யும் தவறுகள்

ஆன்லைன் ஆட்டத்துக்கு, ஜெயித்தால் ஏறி தோற்றால் இறங்கும் எலோ மாதிரி ரேட்டிங் வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு புகார்கள் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் "நாலு ஆட்டம் தோற்றதும் 60 புள்ளி போய்விட்டது" என்பார். இன்னொருவர் "பத்து ஆட்டமாக ஜெயிக்கிறேன், இன்னும் கத்துக்குட்டிகளோடுதான் கோத்துவிடுகிறது" என்பார். ஒரு ஆட்டத்தின் முடிவு ரேட்டிங்கை அதிகபட்சம் எத்தனை புள்ளி நகர்த்தலாம் என்று சொல்கிற எண்தான் `K`. இரண்டு புகாரும் ஒரே `K` மதிப்பில் வரும், இரண்டுமே நியாயமாகவும் இருக்கும். யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்காக எல்லோருக்கும் `K`-ஐ ஏற்றுவதும் இறக்குவதும்தான் முதல் தவறு.

கணக்கு சின்னதுதான்:

```python
ea = 1 / (1 + 10 ** ((rb - ra) / 400))
ra, rb = ra + ka * (sa - ea), rb + kb * (ea - sa)
```

`ra`, `rb` இரண்டு ஆட்டக்காரர்களின் ரேட்டிங், `ka`, `kb` அவரவர் `K`. `ea` என்பது முதல் ஆட்டக்காரர் எடுப்பார் என்று நாம் எதிர்பார்ப்பது. `sa` அவர் உண்மையில் எடுத்தது: வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. இரண்டு ரேட்டிங்கையும் ஒரே வரியில் மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். முதலில் `ra`-வை மாற்றிவிட்டு, அந்தப் புது எண்ணை வைத்து எதிராளிக்கு மறுபடி எதிர்பார்ப்பைக் கணக்கிடுவது நிறைய பேர் செய்கிற பிழை. ஒவ்வொரு ஆட்டத்திலும் மொத்தப் புள்ளி கொஞ்சம் கூடியோ குறைந்தோ போகும், சீக்கிரம் கண்ணில் படாது.

சரி, ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிதாக 1500-ல் ஆரம்பிக்கிறார், உண்மையான திறமை 1900. நம் அமைப்பு எப்போதும் அவருக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரையே எதிராளியாகத் தருவதால் எதிர்பார்ப்பு 0.5-லேயே நிற்கும். ஆனால் 400 புள்ளி குறைந்தவர்களோடு ஆடும்போது அவர் நூற்றுக்குச் சுமார் 91 ஆட்டம் ஜெயிப்பார். `K` 20 என்றால் ஆரம்பத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 8 புள்ளி ஏறும். மேலே போகப் போக எதிராளிகள் வலுவாவதால் அந்த வேகமும் குறையும். பாதி தூரம் ஏறவே சுமார் 30 ஆட்டம், 1800-ஐத் தொட 50-க்கு மேல். அதுவரை அவரிடம் தோற்றவர்கள் எல்லாம் தப்பான ஆளோடு ஆடியவர்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் `K`-ஐ ஏற்றிவிடலாமே என்று தோன்றும். திறமை மாறாத, ரேட்டிங் சரியாக நிலைத்துவிட்ட ஒருவருக்குக்கூட `K` 32 என்றால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ரேட்டிங் சுமார் 53 புள்ளி மேலும் கீழும் சாதாரணமாக ஆடும். `K`-ஐ 16 ஆக்கினால் அந்த ஏற்ற இறக்கம் பாதியாகாது, 37-க்குத்தான் வரும், ஏனென்றால் அது `K`-யின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து குறைகிறது. ஆனால் சரியான இடத்துக்கு வந்துசேர ஆகும் காலமோ அப்படியே இரட்டிப்பாகும். பாதி அமைதிக்கு முழு விலை கொடுக்கிறோம் என்பதை `K`-ஐக் குறைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

அதனால் ஆட்டக்காரர் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து `K` மாற வேண்டும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இதைத்தான் செய்கிறது: புதியவர்களுக்கு 30 ஆட்டம் வரை 40, பிறகு 20, 2400-ஐத் தொட்டவர்களுக்கு 10. இதில் பலரும் விடுவது எதிராளியின் பக்கம். புதியவரின் 1500 வெறும் ஊகம், அவரிடம் தோற்ற பழைய ஆட்டக்காரரிடமிருந்து முழுப் புள்ளியைப் பிடுங்கினால் அந்த ஊகத்தின் தவறு இவர் தலையில் விழுகிறது. எதிராளி புதியவராக இருக்கும்போது பழையவரின் `K`-ஐப் பாதியாக்கிப் பாருங்கள். இரு பக்கமும் வெவ்வேறு `K` என்றால் மொத்தப் புள்ளி மாறிக்கொண்டே போகும், அதனால் சராசரி ரேட்டிங்கை மாதாமாதம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், `K` சரியா என்று எப்படித் தெரியும்? ரேட்டிங் வரைபடம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது பயன்படாது, `K`-ஐ 1 ஆக்கினால் எந்த வரைபடமும் அழகாகிவிடும். பழைய ஆட்டங்களை எடுத்து, கடைசி 10 ஆட்டத்தில் எதிர்பார்ப்பைவிட அதிகம் எடுத்தவர்களை மட்டும் பிரித்து, அவர்கள் பதினோராவது ஆட்டத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அதிலும் எதிர்பார்ப்பைத் தாண்டினால் ரேட்டிங் பின்தங்கியிருக்கிறது, `K` போதவில்லை. எதிர்பார்ப்புக்குக் கீழே போனால் ரேட்டிங் அவர்களைத் தாண்டி ஓடிவிட்டது, `K` அதிகம். ஒருவரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் சராசரியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

இந்தச் சோதனையைப் புதியவர்கள், பழையவர்கள், பல மாதம் ஆடாமல் திரும்பி வந்தவர்கள் என்று தனித்தனியாகச் செய்யுங்கள். மொத்தமாகப் பார்த்தால் புதியவர்களின் மந்தமும் பழையவர்களின் துள்ளலும் ஒன்றையொன்று மறைத்து, எல்லாம் சரி என்று காட்டிவிடும். திரும்பி வந்தவர்களுக்கும் முதல் சில ஆட்டங்களில் `K`-ஐ ஏற்றத்தான் வேண்டும், ஆட்ட எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற விதியில் அவர்கள் பழையவர்களாகவே நிற்பார்கள். மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறை ஒவ்வொருவரின் ரேட்டிங்கோடு அது எவ்வளவு நிச்சயமானது என்ற எண்ணையும் வைத்துக்கொண்டு, ஆடாமல் இருக்கும் காலத்தில் அந்த நிச்சயத்தைத் தானாகக் குறைத்துவிடுவது இந்தச் சிக்கலுக்காகத்தான்.