எஸ்ஓபி-ய ஏஐ எழுதினதுன்னு காட்டுச்சு, நான் சரி பண்ணது

இங்கிலாந்துல வாட்டர் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸுக்கு, ஏன் இந்தப் படிப்புன்னு சொல்ற கட்டுரையான எஸ்ஓபி-ய நானேதான் எழுதினேன், ஆனா இங்கிலீஷ் பயத்துல ஒவ்வொரு வரியா கிராமர் டூல்ல போட்டு ரீரைட் பட்டன் அமுக்கிட்டே போயிட்டேன். ஃப்ரெண்ட் டிடெக்டர்ல போட்டா பாதிக்கு மேல ஏஐ-ன்னு காட்டுது.

பழைய டிராஃப்டோட ஒப்பிட்டா விஷயம் புரிஞ்சுது. "2017ல எங்க போர்வெல் 640 அடியில வத்திப்போச்சு, அப்பா கடன் வாங்கி ரெண்டாவது போட்டார்"ன்னு நான் எழுதினத அந்த கிராமர் டூல் "தண்ணீர்ப் பற்றாக்குறையின் பாதிப்பை நேரில் கண்டு வளர்ந்தேன்"னு மாத்தி வச்சிருக்கு. வருஷமும் இல்ல, அடியும் இல்ல, அப்பாவும் இல்ல. யாரு வேணா எழுதலாம்!

அதனால போன்ல தமிழ்ல பத்து நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணி, அத கேட்டு கேட்டு இங்கிலீஷ்ல நானே டைப் பண்ணேன். ஸ்பெல்லிங் மட்டும் செக் பண்ணேன், ரீரைட் தொடல. சத்தமா படிச்சப்போ வாய்ல வராத வார்த்தையெல்லாம் தூக்கிட்டேன்.

டிடெக்டர் ஸ்கோர துரத்தல. நம்மள மாதிரி எளிய இங்கிலீஷ் எழுதுறவங்கள அது தப்பா பிடிக்கும்னு 2023லயே ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க டோஃபல் கட்டுரைகள வச்சு காட்டிட்டாங்க. அதுக்குத்தான் கூகுள் டாக்ஸ்லயே எழுதினேன், யாராவது கேட்டா வெர்ஷன் ஹிஸ்டரிய காட்டலாம். ஆடியோவும் இன்னும் போன்ல இருக்கு.