"எந்த ஷிப்டும் ஓகே சார்": வேர்ஹவுஸ் இன்டர்வியூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரகடம் பக்கம் பார்சல் பிரித்து அனுப்பும் ஒரு ஹப்பில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். தீபாவளி சேலுக்கு முன்னால் ஆள் எடுக்கும்போது ஹெச்.ஆர். பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் லோடராகச் சேர்ந்த காலத்தில் நாங்கள் சொன்ன அதே பதில்களை இப்போது வருகிறவர்களும் அச்சுப் பிசகாமல் சொல்கிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எந்த ஷிப்டும் ஓகே சார்

இதைக் கேட்டாலே எனக்குக் கடுப்பு வரும். "தம்பி, ஷிப்ட் எப்படி வருவீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் "எதுனாலும் ஓகே சார்" என்று வந்துவிடும். இப்படிச் சொன்னால்தான் வேலை கிடைக்கும் என்று கூட வந்த நண்பனோ ஏஜென்சிக்காரரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேலை கிடைக்கத்தான் செய்யும். எத்தனை நாளுக்கு என்பதுதான் விஷயம்.

நாங்கள் ஏன் கேட்கிறோம் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். வெளியூர் லாரிகள் பெரும்பாலும் ராத்திரியில் வந்து நிற்கும். அந்தச் சரக்கை இறக்கி, பின்கோடு வாரியாகப் பிரித்து, விடிவதற்குள் டெலிவரி ஹப்புகளுக்கு ஏற்றிவிட வேண்டும். ஒரு பெல்ட்டில் இரண்டு பேர் வராமல் போனால் அன்றைக்கு ஒரு வண்டி லோடு ஹப்பிலேயே தங்கிவிடும். அதனால் எங்கள் கேள்வி உங்கள் விருப்பத்தைப் பற்றியது இல்லை. எத்தனை மணிக்கு கேட்டில் நிற்க முடியும், வேலை முடிந்து எப்படி வீடு போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான்.

எல்லாரும் நைட் ஷிப்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது செகண்ட் ஷிப்ட். நைட் காலை ஆறு மணிக்கு முடியும், வெளியே வந்தால் பஸ் ஓடிக்கொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கும் ஷிப்ட் ராத்திரி பதினொன்றுக்குத்தான் முடியும், அப்புறம் கேட்டில் செக்கிங் வரிசை வேறு. உத்திரமேரூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பையன், நல்ல வேலைக்காரன், இன்டர்வியூவில் எல்லாத்துக்கும் தலையாட்டினான். முதல் வாரம் காலை ஷிப்ட், பிரச்சினை இல்லை. அடுத்த வாரம் செகண்ட் ஷிப்ட் விழுந்தது. கம்பெனி பஸ் செங்கல்பட்டில் இறக்கிவிடும்போது கிட்டத்தட்ட நடுராத்திரி, அவன் ஊருக்குக் கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். இரண்டு ராத்திரி பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தான். மூன்றாம் நாள் பஸ்ஸைத் தவறவிட்டு லேட், நான்காம் நாள் ஆளே இல்லை, போனும் எடுக்கவில்லை.

இதில் அவனுக்கு என்ன போயிற்று என்று பாருங்கள். ஐடி கார்டையும் சேஃப்டி ஷூவையும் திருப்பித் தரவில்லை என்று ஏஜென்சி அவன் செய்த வேலைக்கான சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அது நியாயமா என்றால் இல்லை, ஆனால் நடக்கிறது. அதைவிட மோசம், சொல்லாமல் நின்றவன் என்று சிஸ்டத்தில் அவன் பெயருக்கு எதிரே ஏறிவிட்டது. அதே கம்பெனியின் வேறு ஹப்பில் அடுத்த வருஷம் போய் நின்றாலும் ஆதார் நம்பரைத் தட்டியதும் அது வந்து நிற்கும்.

அவன் அன்றைக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்: "சார், காலை ஷிப்டும் நைட்டும் வருவேன். செகண்ட் ஷிப்ட் முடிஞ்சா செங்கல்பட்டிலிருந்து ஊருக்கு வண்டி இல்ல. இங்கேயே ரூம் கிடைச்சா அதுவும் வருவேன்." இப்படிச் சொல்பவனை நான் கழித்துவிட மாட்டேன், நைட்டுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறவன் நான், அவனை நைட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். எல்லா ஹப்பிலும் இப்படி வளைந்து கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். முடியாது என்றால் பஸ் காசோடு போகும், வேறு இடம் பார்க்கலாம்.

நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஷிப்ட் வாராவாரம் மாறுமா, ஒரே ஷிப்டா? ராத்திரி பதினொன்றுக்கு முடித்தவனை மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வீர்களா? ஆறு மணி ஷிப்ட் என்றால் கேட்டில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்? ஏனென்றால் செக்கிங், பஞ்ச், பிரீஃபிங் எல்லாம் முடித்து ஆறு மணிக்கு ஃப்ளோரில் நிற்கச் சொல்கிற இடங்களே அதிகம். சேல் சமயத்தில் ஓ.டி. கட்டாயமா, அன்றைக்குக் கம்பெனி பஸ் காத்திருக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை, ஓ.டி. முடித்துவிட்டு ரோட்டில் நிற்கிறார்கள்.

ஐம்பது கிலோ தூக்குவேன் சார்

தூக்குவீர்கள். ஒரு தடவை. இங்கே கணக்கு வேறு மாதிரி. பெட்டி எட்டு கிலோதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு நூறு பெட்டி, சாப்பாடு டீ போக ஏழு மணி நேர வேலை. மொத்தம் 5,600 கிலோ உங்கள் கை வழியாகப் போகிறது. அதனால் எத்தனை கிலோ என்று பெருமை பேசுவதை விட்டு, ஒரு பெட்டி சராசரி என்ன எடை, மணிக்கு எத்தனை டார்கெட், லாரிக்குள் நின்று இறக்குவதா பெல்ட் பக்கமா, பெரிய ஐட்டத்துக்கு இரண்டு பேர் தருவீர்களா என்று கேளுங்கள்.

சில இடங்களில் பெட்டியைக் கொடுத்துத் தூக்கச் சொல்வார்கள். வேகத்தைக் காட்டவேண்டும் என்று குனிந்து ஒரே வெட்டாக வெட்டித் தூக்குகிறவர்தான் பாதிப் பேர். முதலில் ஒரு மூலையை லேசாகத் தூக்கி எடை பாருங்கள். காலை அகட்டி, முட்டியை மடக்கி, பெட்டியை உடம்போடு ஒட்டி எழுந்திருங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். நாங்கள் கவனிப்பது அதைத்தான்.

டிஸ்க் பிரச்சினை, குடலிறக்க ஆபரேஷன் எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள். ஸ்கேனிங், பேக்கிங் என்று கொஞ்சம் லேசான இடத்தில் போட வழியிருக்கலாம். மறைத்துவிட்டு லாரி இறக்கப் போனால், அப்புறம் நீங்கள் மாற்றிக் கேட்டாலும் இடம் காலியாக இருக்காது.

மாட்டிய பார்சலை நானே கையால் எடுத்துடுவேன்

பெல்ட்டில் பார்சல் சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்பது உங்கள் சுறுசுறுப்பைப் பார்க்க இல்லை. ஓடுகிற பெல்ட்டில் கை வைப்பீர்களா என்று பார்க்கத்தான். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்குவேன், அல்லது பெல்ட் ஓரமாகப் போகும் கயிற்றை இழுப்பேன், சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன், அவர் சொல்லாமல் திரும்ப ஓட விட மாட்டேன். இதுதான் பதில். "டார்கெட் போயிடுமே?" என்று வேண்டுமென்றே கொக்கி போடுவார்கள், அப்போதும் பதிலை மாற்றாதீர்கள்.

டாக்கில் லாரி ரிவர்ஸ் வரும்போது எங்கே நிற்பீர்கள் என்றும் கேட்பார்கள். பின்னால் நின்று "வா வா" என்று கை காட்டுவேன் என்றால் முடிந்தது கதை. டிரைவர் கண்ணாடியில் உங்களைப் பார்க்க முடியாத இடம் அது. ஓரமாக நின்று, வண்டி நின்று சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் உள்ளே ஏற வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன்

லைசென்ஸோ டிரெயினிங் சர்ட்டிஃபிகேட்டோ இல்லையென்றால் வாயைத் திறக்காதீர்கள்.

செருப்பு

ஷூ போட்டு வாருங்கள். செருப்போடு வந்தால் ஃப்ளோரைக் காட்டக் கூட்டிப் போக மாட்டார்கள், வேலை எப்படி என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவீர்கள்.

டெலிவரிக்கு எல்.எல்.ஆர்.

செல்லாது. லைசென்ஸ், ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ் மூன்றும் வேண்டும்.

டெபாசிட், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்

கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.