க்ளிக் கணக்கில் வராத விற்பனை: சோஷியல் மீடியாவின் பங்கை ஷீட்டில் கண்டுபிடிப்பது

சென்னிமலையில் பெட்ஷீட் கடை ஒன்று. இன்ஸ்டாகிராமில் ரீல் விளம்பரம் ஓடுகிறது. அதைப் பார்த்தவர் க்ளிக் செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நேரில் வந்து, "இந்த டிசைனை இன்ஸ்டாவுல பார்த்தனுங்க" என்று போனைக் காட்டி நான்கு ஜோடி வாங்கிப் போகிறார். டாஷ்போர்டில் இந்த விற்பனை வரவே வராது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-க்குப் பிறகு, ஐபோன்காரர் அனுமதி கொடுத்தால்தான் ஒரு ஆப் அவரை மற்ற ஆப்களிலும் தளங்களிலும் பின்தொடர முடியும் என்று ஆகிவிட்டதால், ஆன்லைன் ஆர்டர்களிலேயே கூட ஒரு பகுதி கணக்கிலிருந்து நழுவிப் போகிறது.

இப்படி நழுவும் விற்பனையையும் கணக்கில் கொண்டுவர ஒரு வழி மார்க்கெட்டிங் மிக்ஸ் மாடலிங். இதில் ஆட்களைப் பின்தொடர்கிற வேலையே இல்லை. வாரா வாரம் எவ்வளவு செலவு செய்தோம், எவ்வளவு விற்றது என்ற இரண்டும் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று மட்டும் பார்க்கும். தொடங்க கூகுள் ஷீட்ஸ் போதும்.

முதலில் இரண்டு வருடக் கணக்கை, அதாவது 104 வாரங்களை, முதல் வரியைத் தலைப்புகளுக்கு விட்டு, இரண்டாம் வரியிலிருந்து வாரத்துக்கு ஒரு வரியாக எழுதுங்கள். A-யில் வாரம் தொடங்கும் தேதி. B-யில் மொத்த விற்பனை. கடை, கூரியர், வாட்ஸ்அப் ஆர்டர் எல்லாம் சேர்த்து. C-யில் சோஷியல் விளம்பரச் செலவு. D-யை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். E-யில் நோம்பி வாரமானால் 1, இல்லையென்றால் 0. F-இல் தள்ளுபடி சதவீதம்.

E-யை மட்டும் அவசரப்படாமல் நிரப்புங்கள். தீபாவளிக்கு விற்பனையும் ஏறும், அதே வாரங்களில் விளம்பரச் செலவையும் நாமே ஏற்றுவோம். அந்தப் பத்தி இல்லாவிட்டால் நோம்பி விற்பனை முழுவதும் விளம்பரத்தின் பெயரில் போய்ச் சேரும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31 என்று நகர்வதால் மாதத்தை வைத்துக் குறிக்காமல், பண்டிகைக்கு முந்தைய வாரங்களை எண்ணிக் குறியுங்கள்.

அடுத்தது D. இன்று ரீல் பார்த்தவர் அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ வாங்கலாம், அதனால் செலவின் தாக்கத்தில் ஒரு பகுதியை அடுத்த வாரத்துக்குக் கடத்த வேண்டும். இதற்குப் பெயர் அட்ஸ்டாக். பாதி கடத்துவதாக வைத்தால், D2-வில் முதல் வரி, D3-இல் இரண்டாம் வரி, அப்புறம் அதைக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=C2
=C3+0.5*D2
```

இந்த வாரம் 10,000 ரூபாய், அடுத்த வாரம் 6,000 ரூபாய் செலவானால் அடுத்த வாரத்தின் D மதிப்பு 11,000.

இப்போது வேறொரு காலிக் கட்டத்தில்:

```
=LINEST(B2:B105, D2:F105, TRUE, TRUE)
```

இது விடைகளைத் தலைகீழ் வரிசையில் தரும். முதல் கட்டம் தள்ளுபடி, இரண்டாவது நோம்பி, மூன்றாவதுதான் சோஷியல், நான்காவது இவை எதுவும் இல்லாமலே நடக்கும் அடிப்படை விற்பனை. பலர் முதல் எண்ணை விளம்பரத்தின் எண் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்கு நேர் கீழே, இரண்டாம் வரிசையில் இருப்பது ஒவ்வொன்றின் பிழை அளவு.

உதாரணமாக, சோஷியலுக்கு 1.4, பிழை அளவு 0.4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் செலவு D-யில் 1, அரை, கால் என்று நீண்டு மொத்தம் 2 ஆகிறது; ஆக ஒரு ரூபாய்க்கு 2.8 ரூபாய் விற்பனை. பிழை அளவும் அதேபோல 0.8 ஆகிறது; அதன் இரு மடங்கை இரு பக்கமும் விட்டால் 1.2 முதல் 4.4 வரை எதுவும் இருக்கலாம். இதெல்லாம் விற்பனைதான், லாபம் கிடையாது. லாப விகிதம் 30 சதவீதமானால் 2.8-இல் கையில் நிற்பது 84 பைசா, அதாவது போட்ட ரூபாயே திரும்பவில்லை. 4.4 என்றால் 1.32, லாபம். இந்த இடைவெளியை வைத்துக்கொண்டு பட்ஜெட்டைக் கூட்டவும் கூடாது, வெட்டவும் கூடாது என்பதுதான் என் கருத்து.

0.5-க்குப் பதில் 0.3, 0.7 போட்டுப் பாருங்கள்; அப்போது 2-க்குப் பதில் முறையே சுமார் 1.43, 3.33 ஆல் பெருக்க வேண்டும். ஒரு ரூபாய்க்கான விடை தாறுமாறாக மாறினால் உங்கள் தரவில் சத்து போதவில்லை. பெரும்பாலும் காரணம், வாரா வாரம் ஒரே தொகையைச் செலவழித்திருப்பதுதான். ஏற்ற இறக்கம் இல்லாத செலவிலிருந்து எந்த மாடலாலும் எதையும் பிரித்தெடுக்க முடியாது. இன்னொன்று, இந்த நேர்கோட்டு மாடல் செலவை இரட்டித்தால் பலனும் இரட்டிக்கும் என்றே சொல்லும். நிஜத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் அதே ஆட்களே அதே ரீலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். இதுவரை செய்த அதிகபட்சச் செலவைத் தாண்டி இதை நம்பாதீர்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க, நோம்பி இல்லாத காலத்தில் பொள்ளாச்சி, தாராபுரம் பகுதிகளுக்கு மட்டும் ஆறு வாரம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, கரூர், நாமக்கல்லில் வழக்கம்போல ஓட விடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் பழைய விளம்பரத்தின் மிச்சம் இருக்கும், அதை விட்டுவிட்டுக் கடைசி நான்கு வாரத்துக் கூரியர் ஆர்டர்களைப் பின்கோடு வாரியாகப் பிரியுங்கள். கரூர், நாமக்கல் விற்பனையோடு ஒப்பிட்டால் பொள்ளாச்சி, தாராபுரம் விற்பனை முன்பு என்ன விகிதத்தில் இருந்தது, இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அந்த இறக்கத்தை, அங்கே அதே நான்கு வாரத்தில் மிச்சமான விளம்பரச் செலவால் வகுத்தால் வரும் எண் 1.2-க்குப் பக்கத்திலா 4.4-க்குப் பக்கத்திலா என்பது தெரிந்துவிடும். நேரில் கடைக்கு வந்து வாங்குவது இந்தச் சோதனையில் வராது, அதனால் வரும் எண்ணைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள்.